அழிந்த பாதி முகத்தை எங்கிருந்து எடுப்பது?

சுவரில் பல வருடம் தொங்கிய பழைய போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றும்போது பல வீடுகளில் ஒரே விபத்துதான் நடக்கிறது. மழைக்கால ஈரம் உள்ளே இறங்கி, படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பின்னட்டையைப் பிரித்துப் படத்தை இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், உருவம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஒட்டிக்கொண்ட படத்தை ஒருபோதும் இழுக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வைத்துவிட வேண்டும். இழுத்த பிறகு தெரிந்து பயனில்லை.

எங்கள் அம்மாச்சியின் படம் அப்படித்தான் போயிற்று. 1971இல் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கேபினெட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அம்மாச்சி பக்கத்தில் நிற்கிறார். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாச்சி முகத்தில், பார்க்கும் நமக்கு வலப்பக்கமாக இருக்கும் மூக்கு மடல், வாயில் முக்கால் பங்கு, கன்னத்தின் கீழ்ப்பாதி, முகவாய் எல்லாம் வெறும் வெள்ளைத் தாள். நெற்றி, புருவம், இரண்டு கண், இடது கன்னம், வாயின் இடது ஓரம் ஆகியவை தப்பின.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட படத்தை ஸ்டுடியோவில் டச்சிங் செய்பவரிடம் கொடுப்போம். அவர் மெல்லிய தூரிகையால் வாயை வரைந்து கொடுப்பார். இப்போது அதே வேலையை ‘டிஃப்யூஷன் இன்பெயின்டிங்’ என்ற முறையில் வீட்டுக் கணினியே செய்கிறது. படத்தில் எந்த இடம் வேண்டாமோ அதன் மேல் ஒரு மாஸ்க் போட வேண்டும். மாஸ்க் போட்ட இடத்தைக் கணினி புதிதாக வரையும், மற்றதைத் தொடாது. வரைவது அதற்குச் சுலபம். வரைந்த முகம் அதே ஆளாக இருப்பதுதான் சிரமம். அந்தச் சிரமம் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் தாண்டலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மாடல் எப்படி வரைகிறது என்று பார்ப்போம். 2020இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜோனதன் ஹோவும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய டிஃப்யூஷன் மாடல்களுக்குப் பெரிய தொடக்கம். ஒரு நல்ல படத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி இரைச்சலைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஆயிரம் படி தாண்டினால் படம் முழுக்க இரைச்சல்தான் இருக்கும். நடுவில் ஏதாவது ஒரு படியை எடுத்து, இதில் எது இரைச்சல் என்று கண்டுபிடிக்க ஒரு நரம்பியல் வலையைப் பழக்குகிறார்கள். லட்சக்கணக்கான படங்களில் இதைச் செய்து முடித்த வலையிடம் வெறும் இரைச்சலைக் கொடுத்தால், படிப்படியாக அதை விலக்கி, எங்குமே இல்லாத ஒரு புதுப் படத்தைக் கொண்டுவந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. இரைச்சல் அதிகமாக இருக்கும் முதல் படிகளில் பெரிய விஷயங்கள் முடிவாகின்றன: வாய் எந்த உயரத்தில், எவ்வளவு அகலத்தில், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து. கடைசிப் படிகளில் உதட்டு ரேகை, தோலின் துளை போன்ற நுணுக்கங்கள் வருகின்றன. ஒருவரை அடையாளம் காட்டுகிற அளவுகள் பெரும்பாலும் முன்பாதியிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. பிறகு நுணுக்கம் எவ்வளவு அழகாக வந்தாலும் ஆள் மாறிப்போனது மாறிப்போனதுதான்.

இன்பெயின்டிங்கில் மாஸ்க்குக்கு வெளியே இருப்பதை இந்த வேலைக்கு நடுவே எப்படியாவது மாடலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 2022இல் வந்த ‘ரீபெயின்ட்’ என்ற முறை, ஒவ்வொரு படியிலும் மாஸ்க்குக்கு வெளியே இருக்கும் அசலை, அந்தப் படிக்கு ஏற்ற இரைச்சலோடு திரும்பத் திரும்ப உள்ளே வைத்தது. அப்படி வைத்தும் ஓரத்தில் ஒட்டுப்போட்டது போல் தெரிந்ததால், சில படிகள் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்து இரு பகுதிகளையும் இசைய வைத்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் வெளியான ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ மாடலுக்கு இன்பெயின்டிங்குக்கென்றே தனியாகப் பழக்கிய வடிவமும் வந்தது. இரைச்சல் கலந்த படம், மாஸ்க், மாஸ்க் பகுதியை வெட்டி எடுத்த அசல் ஆகிய மூன்றையும் அது ஒருசேர வாங்கிக்கொள்ளும். அதனால் இடது கன்னத்து வெளிச்சத்தையும் கண்களின் சாய்வையும் பார்த்தபடியே வாயை வரையும்.

ஆனால் அந்த வாய் யாருடையது? அம்மாச்சியின் வாய் எப்படி இருந்தது என்ற தகவல் மாஸ்க்குக்குள் துளிகூட இல்லை. அது கண்ணாடியோடு போய்விட்டது. மாடல் செய்வதெல்லாம், இந்த மாதிரிக் கண்ணும் நெற்றியும் உள்ள முகங்களில் வாய் பொதுவாக எப்படி இருக்கும் என்று தன் பழக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான். அந்தப் ‘பொதுவாக’ என்பதில்தான் சிக்கல். ஒருவரைப் பார்த்ததும் இன்னார் என்று தெரிவது அவர் முகம் சராசரியிலிருந்து விலகும் இடங்களால்: சற்று இறங்கிய உதட்டோரம், அகன்ற மூக்கு மடல், எடுப்பான முன்பல். மாடலோ ஒவ்வொரு படியிலும் சராசரியை நோக்கி இழுக்கிறது. அடையாளத்தைக் காப்பது என்றால் இந்த இழுப்புக்கு எதிராகத் தகவலைக் கொண்டுவந்து கொடுப்பதுதான். அந்தத் தகவல் மூன்று இடங்களிலிருந்து வரலாம். படத்தில் மிஞ்சியிருப்பது ஒன்று, அதே ஆளின் வேறு படம் ஒன்று, பார்த்துப் பழகியவர்களின் நினைவு ஒன்று.

மிஞ்சியதைக் காப்பாற்றும் வேலை ஸ்கேனரிலேயே தொடங்குகிறது. எங்கள் படத்தில் அம்மாச்சி முகத்தின் அகலம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் முகம் முழுதுக்கும் 165 பிக்சல்தான் கிடைக்கும். அதுவே போதுமே என்று தோன்றும். ஆனால் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் பிக்சலில் வேலை செய்வதில்லை. படத்தை இரு பக்கமும் எட்டில் ஒன்றாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தின் மேல்தான் வரைகின்றன. 165 பிக்சல் முகம் அங்கே 20 கட்டமாகிவிடும். அதில் வாய்க்கு ஏழு கட்டம். ஏழு கட்டத்தில் யாருடைய உதட்டோரத்தையும் பிரித்துக் காட்ட முடியாது. குழுப் படங்களில் சின்னதாகத் தெரியும் முகங்களை மாடல் கோரமாக வரைவதற்கும் இதுதான் காரணம்.

அதனால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, முகத்தைச் சுற்றி 1024 பிக்சல் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். முகம் 660 பிக்சலுக்கு வந்தது, வாய்க்கு இருபத்தேழு கட்டம் கிடைத்தது. 2023இல் வந்த ‘எஸ்டிஎக்ஸ்எல்’ மாடல் 1024 பிக்சல் அளவுக்கே பழகியது என்பதால் அது பொருத்தமாகவும் இருந்தது. முழுப் படத்தையும் கொடுத்து மாஸ்க் போடாமல், முகத்தைத் தனியாக வெட்டி, சரிசெய்து, திரும்ப அதே இடத்தில் வைப்பதுதான் முறை. பல இன்பெயின்டிங் மென்பொருள்களில் `Only masked` என்ற தேர்வு இந்த வெட்டி ஒட்டும் வேலையைத் தானே செய்கிறது.

அடுத்தது மாஸ்க். தாராளமாகப் போட்டுவிட்டால் ஓரம் தெரியாமல் கலந்துவிடும் என்று ஆசை வரும். ஆனால் மாஸ்க்குக்குள் போகும் ஒவ்வொரு நல்ல பிக்சலும் அசலில் மிஞ்சியிருந்த ஒரு சாட்சி. எங்கள் படத்தில் வாயின் இடது ஓரம் பிழைத்திருந்தது என்றேன். விரல் நகத்தில் பாதிகூட இல்லாத அந்தத் துண்டில் உதட்டின் தடிமன் இருக்கிறது, ஓரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இருக்கிறது. அதை மாஸ்க்குக்கு வெளியே வைத்தால், மாடல் வரையும் வாய் அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும். ஒரு கீறலை மறைக்க அதையும் உள்ளே தள்ளியிருந்தால், இருந்த ஒரே ஆதாரமும் போயிருக்கும்.

வலது புருவத்தின் நுனியில் ஒரு பூஞ்சைப் புள்ளி இருந்தது. அதையும் மாஸ்க்கில் சேர்த்துவிடலாம் என்று எளிதாகத் தோன்றும். 2003இல் எம்ஐடியில் பவன் சின்ஹாவும் அவர் சகாக்களும் பிரபலங்களின் படங்களில் ஒருமுறை கண்களையும் ஒருமுறை புருவங்களையும் அழித்துக் காட்டிப் பார்த்தார்கள். கண் இல்லாத படங்களைவிடப் புருவம் இல்லாத படங்களில்தான் ஆட்களை அடையாளம் காண மக்கள் அதிகம் தடுமாறினார்கள். அவ்வளவு முக்கியமான இடத்தை மாடலின் ஊகத்துக்கு விட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புள்ளியைச் சாதாரண குளோன் கருவியால் கையாலேயே துடைத்தேன்.

வெள்ளைத் தாளாகிவிட்ட இடத்தை அப்படியே மாடலிடம் கொடுக்கலாமா? கொடுத்தால் இரண்டு வழிதான் இருக்கிறது. மாடல் எவ்வளவு இரைச்சலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை `strength` என்ற எண் சொல்கிறது. 1.0 என்றால் மாஸ்க்குக்குள் இருப்பதை முழுவதுமாக மறந்துவிட்டு வரையும், அதாவது சராசரி வாய் வரும். 0.5 என்றால் பாதி வழியிலிருந்து தொடங்கும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் வடிவத்தை மதிக்கும். ஆனால் உள்ளே இருப்பது வெறும் வெள்ளை என்றால் 0.5இல் ஒரு வெளிறிய திட்டுதான் வரும்.

அதனால் பழைய டச்சிங் கலைஞர் செய்ததை முதலில் நாமே செய்ய வேண்டியிருக்கிறது. இடது பக்கத்தை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி வலது பக்கத்தில் வைத்தேன். உதட்டோரமும் மூக்கு மடலும் கன்னத்து வளைவும் ஓரளவு இடத்தில் உட்கார்ந்தன. உடனே இரண்டு தவறும் தெரிந்தன. ஸ்டுடியோ விளக்கு இடது பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. திருப்பி வைத்ததும் வலது கன்னத்திலும் அதே வெளிச்சம், நிழலே இல்லாத முகம். அதை மென்மையான தூரிகையால் இருட்டாக்கினேன். இன்னொன்று மூக்குத்தி. இடது மடலில் இருந்த சின்ன ஒற்றைக்கல் வலது மடலுக்கும் வந்துவிட்டது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். நடுவில் விடுபட்ட உதட்டைச் சாம்பல் நிறத்தில் தோராயமாக வரைந்து இணைத்தேன். இந்த முரட்டு வரைவு அழகாக இருக்க வேண்டியதில்லை, அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும். அடையாளம் தீர்மானமாகும் முதல் பாதிப் படிகளை மாடலிடம் விடாமல் நம் கையில் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இனி வேறு படத்திலிருந்து வரும் தகவல். 1994இல் ஒரு கல்யாணத்தில் எடுத்த அம்மாச்சியின் வண்ணப் படம் ஒன்று நன்றாகவே இருந்தது. அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இதை மாடலுக்கு எப்படிக் காட்டுவது? ஒருவரின் பல படங்கள் இருந்தால் ‘ட்ரீம்பூத்’ முறையில் மாடலையே அந்த முகத்துக்குப் பழக்கலாம். 2022இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டிய முறை அது, மூன்று முதல் ஐந்து படம் போதும் என்றார்கள். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்கு ஏற்றது 2023இல் வந்த ‘ஐபி-அடாப்டர்’. மாடலைத் திருத்தாமல், ஒரு மாதிரிப் படத்திலிருந்து எடுத்த எண்களை வரையும்போது பக்கத்திலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சிறிய இணைப்பு அது.

அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று படத்தின் தோற்றத்தை மொத்தமாக எண்களாக்கும் வகை. அதைப் போட்டதும் 1994இன் சுருக்கமும் தொங்கிய கன்னமும் அப்படியே 1971 முகத்துக்கு வந்து சேர்ந்தன. மற்றது ‘ஃபேஸ்ஐடி’ வகை. ஆளை அடையாளம் காண்பதற்கென்றே பழக்கிய வலையிலிருந்து எண்களை எடுக்கும். 2019இல் வெளியான ‘ஆர்க்ஃபேஸ்’ இந்த வகைக்கு நல்ல உதாரணம். ஒரு முகத்தை 512 எண்களாக்கி, ஒரே ஆளின் படங்கள் வெளிச்சம், கோணம் மாறினாலும் அருகருகே விழும்படி பழக்கியிருக்கிறார்கள். அதனால் வயதும் உடையும் குறைவாகவும் முக அமைப்பு கூடுதலாகவும் வந்தன. ஆனால் நுணுக்கம் இதில் வராது. மச்சம், தழும்பு, பல்லின் சாய்வு எதையும் இந்த எண்களிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

பெரியம்மா அப்படியே அம்மாச்சி ஜாடை என்று ஊரே சொல்லும். அவருடைய இளவயதுப் படத்தையே மாதிரியாக வைத்தால் வயதும் பொருந்துமே என்று வீட்டில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அப்படிச் செய்தால் அம்மாவின் முகத்தில் மகளின் வாய் உட்காரும். பார்ப்பதற்குத் தெரிந்த முகம் போலவே இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் அச்சம் தரும் தவறு இதுதான்.

எல்லாம் கூடி வந்த பிறகு ஓட்டிய நிரலின் முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

```python
pipe.set_ip_adapter_scale(0.6)
result = pipe(prompt=prompt, image=face, mask_image=mask,
              ip_adapter_image_embeds=[id_embeds],
              strength=0.5, num_inference_steps=40,
              generator=generator).images[0]
final = pipe.image_processor.apply_overlay(mask, face, result)
```

40 படியில் `strength` 0.5 என்றால் உண்மையில் ஓடுவது கடைசி 20 படிகள். மாதிரிப் படத்தின் பிடி 0.6. இதைக் கூட்டினால் 1994இன் முகம் மேலோங்கும், குறைத்தால் சராசரி மேலோங்கும். கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாடல் படத்தைச் சுருக்கி விரிக்கும்போது மாஸ்க்குக்கு வெளியே உள்ள பிக்சல்களும் லேசாக மாறிவிடுகின்றன. கண்ணின் ஒளிப்புள்ளி நகரும், இமை மயிர் ஒன்றோடொன்று ஒட்டும். அந்த வரி, மாஸ்க்குக்கு வெளியே அசலையே திரும்ப ஒட்டிவிடுகிறது. ஒட்டிய ஓரம் தெரியாமலிருக்க மாஸ்க்கின் விளிம்பைச் சில பிக்சல் மங்கலாக்கிக்கொள்ள வேண்டும்.

`generator` என்பது தொடக்க இரைச்சலைத் தரும் சீட் எண்ணைச் சுமப்பது. அந்த எண்ணை மாற்றினால் படம் மாறும். பெரும்பாலானவர்கள் பல சீட்களில் ஓட்டி, அழகாக வந்ததை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நல்லது. எங்கள் படத்தில் வலது கன்னமும் தாடை வளைவும் எந்தச் சீட்டிலும் பெரிதாக மாறவில்லை. சுற்றியுள்ள படமும் முரட்டு வரைவும் அவற்றைக் கட்டிவைத்திருந்தன. மேல் உதடு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் மாடலுக்கு ஆதாரம் இல்லை, ஊகம்தான் செய்கிறது என்று பொருள். ஆதாரம் தேட வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

பெரியம்மாவிடம் இரண்டு மூன்று படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏன்டா, கண்ணு எங்கம்மாதான். வாய்தான் வேற யாரோ மாதிரி இருக்கு.”

“வாயில என்ன பெரியம்மா மாறியிருக்கு?”

“அம்மாவுக்கு முன்பல்லு கொஞ்சம் எடுப்பு. வாயை மூடியிருந்தாலும் மேல் உதடு லேசாத் தூக்கித்தான் நிக்கும். நீ ரொம்ப ஒழுங்கா வச்சிருக்க. அப்புறம் மூக்குல இந்தப் பக்கம் ஒத்தக்கல்லு இல்ல, எட்டுக்கல் பேசரி.”

சீட்டுக்குச் சீட் மாறிக்கொண்டிருந்த அதே மேல் உதடு. எடுப்பான பல்லும் சராசரியிலிருந்து விலகல், மாடல் அதை ஒவ்வொரு தடவையும் நேராக்கிவிட்டிருக்கிறது. 1994 படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது உதட்டின் அந்தத் தூக்கல் தெரிந்தது, வலது மடலில் பேசரியின் பளபளப்பும் தெரிந்தது. முரட்டு வரைவில் மேல் உதட்டைச் சில பிக்சல் முன்னால் தள்ளி, அதன் கீழே நிழலைச் சற்று அழுத்தி, இந்தத் தடவை உதட்டுக்கு மட்டும் சின்ன மாஸ்க் போட்டு, `strength` 0.35க்குக் குறைத்து ஓட்டினேன். பேசரியை மாடலிடம் கேட்கவே இல்லை. கேட்டால் எந்த ஊர் மூக்கணியைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. அது பூத்தையல் போல நுணுக்கமான வேலை என்பதால் கையாலேயே புள்ளி வைத்து வரைந்தேன்.

பார்த்தவர் சொல்வதோடு நிற்காமல் எண்ணால் அளக்கவும் வழி இருக்கிறது. ஆர்க்ஃபேஸ் போன்ற வலையில் இரண்டு முகங்களையும் கொடுத்தால் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு மதிப்பு வரும், ஒன்றை நெருங்க நெருங்க அதே ஆள். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ஃபேஸ்ஐடி எண்களை ஊட்டி வரைந்துவிட்டு அதே எண்களால் சோதித்தால், தேர்வு எழுதியவனே விடைத்தாளைத் திருத்துவது போல மதிப்பெண் எப்போதும் நன்றாகத்தான் வரும். சோதிக்கும் வலை வேறாக இருக்க வேண்டும், ஒப்பிடும் படமும் வரைவதற்குப் பயன்படுத்தாத படமாக இருக்க வேண்டும். இன்னொன்று, மதிப்பில் பெரும்பங்கை அழியாமல் இருந்த கண்களும் புருவமுமே வாங்கித் தந்திருக்கும். அதனால் வேண்டுமென்றே முற்றிலும் வேறொருவரின் வாயை ஒட்டி, அதற்கு என்ன மதிப்பு வருகிறது என்று பார்ப்பது அவசியம். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லையென்றால் அந்த எண் நம் வாயைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

இதைவிட நேர்மையான சோதனை ஒன்று இருக்கிறது. அழியாத ஒரு படத்தை எடுத்து, அதே அளவு இடத்தை நாமே மறைத்து, அதே எண்களோடு ஓட்டி, வந்ததை அசலோடு ஒப்பிடுவது. பெரியம்மாவின் பழைய ஸ்டுடியோ படத்தில் இதைச் செய்தபோது மாடல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. உதடு சமமானது, மூக்கு மடல் ஒடுங்கியது, தோல் வழுவழுவென்றும் அசலைவிட ஒரு படி வெளுத்தும் வந்தது. இந்த மூன்றையும் அம்மாச்சி படத்திலும் எதிர்பார்த்து, எதிர்த்திசையில் திருத்த வேண்டியிருந்தது.

நிறம் வெளுப்பது தற்செயலாக நடப்பதில்லை. எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அந்தச் சராசரிக்குத்தான் மாடல் இழுக்கும். 2020 ஜூனில் ட்யூக் பல்கலைக்கழகத்தின் ‘பல்ஸ்’ என்ற மென்பொருளிடம் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரின் தெளிவான முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. அது டிஃப்யூஷனுக்கு முந்தைய தலைமுறை மாடல். ஆனால் காரணம் அங்கும் இங்கும் ஒன்றுதான். நம் வீட்டுப் படங்களில் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மாஸ்க்குக்கு உள்ளே ஒரு சிறு சதுரமும், அதே வெளிச்சம் விழும் வெளியிடத்தில் ஒரு சதுரமும் எடுத்து, இரண்டின் சராசரிச் சாம்பல் அளவை ஒப்பிடலாம். உள்ளே வெளுத்திருந்தால் இறக்கிவிட வேண்டும். அம்மாச்சி மாநிறம். திருத்தாமல் விட்டிருந்தால் வாயைச் சுற்றி மட்டும் சிவப்பாகியிருப்பார்.

வழுவழுப்புக்கும் அதே மாதிரி ஒரு கை வேலை. பழைய படங்களில் வெள்ளியின் துகள் மணல் போலப் பரவியிருக்கும். மாடல் வரைந்த பகுதியில் அது இருக்காது, முகத்தின் பாதி கண்ணாடி போல நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் எந்த இடம் புதிது என்று முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். அசலின் வெறும் பின்திரையிலிருந்து துகளின் அளவைப் பார்த்து, அதே அளவில் இரைச்சலை மாஸ்க்குக்குள் தூவினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எல்லாப் படத்துக்கும் இது செல்லாது. கண் இரண்டும் புருவமும் போய், வேறு படமும் இல்லை, முகத்தைப் பார்த்தவர்களும் இல்லை என்றால் மாடலிடம் கேட்பதற்கு எதுவுமில்லை. அப்போதும் அது ஒரு முகத்தைத் தரும், மிகவும் நம்பும்படியாகத் தரும். அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மூன்றாம் தலைமுறையில் ஒரு குழந்தை, யாரோ ஒரு அந்நியரைக் கொள்ளுப்பாட்டி என்று கும்பிடும். அதைவிடப் பாதி வெள்ளையான தாளையே சட்டம் போட்டு மாட்டலாம். ஆள் யார் என்பதற்குச் சான்றாக வைக்கும் எந்த இடத்திலும், விண்ணப்பத்திலோ வழக்கிலோ, இப்படிச் சரிசெய்த படத்தைக் கொடுக்கவும் கூடாது. அதில் சரிபாதி ஊகம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு கோப்புறையில் நான்கு கோப்புகள் இருக்கின்றன. தொடாத ஸ்கேன், மாஸ்க், முடிந்த படம், சீட்டும் எண்களும் எழுதிய ஒரு குறிப்பு. அச்சுப் போட்ட படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: வலது மூக்கு மடல், வாய், வலது கன்னத்தின் கீழ்ப்பாதி, முகவாய் ஆகியவை திரும்ப வரைந்தவை, மேல் உதடும் பேசரியும் பெரியம்மா சொன்னபடியும் 1994 கல்யாணப் படத்தின்படியும். சின்னமாமாவிடம் 1970களில் எடுத்த ஒரு குழுப் படம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது கிடைத்தால் மாஸ்க்கை எடுத்து உதட்டை மறுபடி போட வேண்டும்.